முப்பது விநாடி பின்தங்கும் சென்சார்

பால் பண்ணையின் பாஸ்சுரைசர் அறையில் மிகவும் மதிக்கப்படும் சாட்சி ஒரு கோடுதான். வட்டமான காகிதச் சார்ட்டிலோ கணினித் திரையிலோ நாள் முழுவதும் ஓடும் வெப்பநிலைக் கோடு அது. பச்சைப் பாலை 72 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அதே சூட்டில் குறைந்தது 15 விநாடி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கோடு 72-க்கு மேலேயே நேராக ஓடியிருந்தால் ஆய்வாளர் கையெழுத்துப் போடுவார்; மேலாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

ஆனால் கோடு காட்டுவது பாலின் வெப்பநிலையை அல்ல, சென்சாரின் வெப்பநிலையை. நிலைமை சீராக இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். பால் சட்டென்று குளிரும்போதோ சூடாகும்போதோ இரண்டும் பிரிந்துவிடுகின்றன. எவ்வளவு பிரிகின்றன, எவ்வளவு நேரத்துக்குப் பிரிகின்றன என்பதை முடிவுசெய்வது பாலோ நீராவியோ கன்ட்ரோலரோ அல்ல. சென்சாரைச் சுற்றியிருக்கும் ஒரு விரல் நீள இரும்பு உறை.

உறைக்குள் என்ன நடக்கிறது?

அந்த உறைக்குத் தெர்மோவெல் என்று பெயர். ஒரு பக்கம் அடைத்த துருப்பிடிக்காத எஃகுக் குழாய். குழாய்க்குள் ஓடும் பாலிலோ எண்ணெயிலோ நீராவியிலோ அது நீட்டிக்கொண்டிருக்கும்; உண்மையான சென்சார் அதன் உள்ளே செருகப்பட்டிருக்கும். இதனால் கிடைக்கும் வசதி பெரிது. ஓட்டத்தின் அழுத்தமும் அரிப்பும் சென்சாரைத் தொடுவதில்லை. சென்சார் பழுதானால் ஆலையை நிறுத்தாமலேயே உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம்.

இந்த வசதிக்கான விலையை நேரமாகக் கொடுக்கிறோம். பாலின் சூடு முதலில் உறையின் வெளிச்சுவரைத் தொட வேண்டும். பிறகு சில மில்லிமீட்டர் எஃகைச் சூடாக்கிக் கடக்க வேண்டும். அடுத்து உறைக்கும் சென்சாருக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அதைத் தாண்டினால் சென்சாரின் சொந்த உலோகக் கவசம், அதற்குள் மெக்னீசியம் ஆக்சைடு தூள், கடைசியில்தான் வெப்பத்தை அளக்கும் பிளாட்டினம் கம்பி. ஒவ்வொரு அடுக்கும் தான் சூடாகிய பிறகே அடுத்ததற்குச் சூட்டை விடும்.

இவற்றில் மிக மோசமானது கண்ணுக்கே தெரியாத அந்த இடைவெளி. காற்றைவிட துருப்பிடிக்காத எஃகு 500 மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே அரை மில்லிமீட்டர் காற்றுப் படலம் கடத்தலில் மட்டும் பார்த்தால் கால் மீட்டர் தடிமனான எஃகுச் சுவருக்குச் சமம். 6 மில்லிமீட்டர் சென்சாரை 7 மில்லிமீட்டர் துளையுள்ள உறையில் செருகினால் சுற்றிலும் இருப்பது இந்த அரை மில்லிமீட்டர்தான். நுனியும் உறையின் அடியைத் தொடாமல் நின்றுவிட்டால் சென்சார் பாலோடு பேசுவது முழுக்க முழுக்க இந்தக் காற்றின் வழியாகத்தான்.

63 சதவீதக் கணக்கு

அக்குளில் வைத்த பழைய பாதரச வெப்பமானியை ஏன் உடனே எடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏறும், ஆனால் மெல்ல ஏறும். முதலில் வேகமாக, போகப் போக மந்தமாக. தெர்மோவெல் சென்சாரும் அப்படியே. இந்த மந்தத்தை ஒரே எண்ணால் சொல்ல பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு நேர மாறிலி. வெப்பநிலை திடீரென்று மாறினால், அந்த மாற்றத்தில் ஏறத்தாழ 63 சதவீதத்தைச் சென்சார் எட்டுவதற்கு ஆகும் நேரம் அது. இன்னொரு நேர மாறிலி கழிந்தால் மீதியில் 63 சதவீதம். இப்படியே போய், ஐந்து மடங்கு நேரம் ஆன பிறகுதான் மாற்றம் நடைமுறையில் முழுதாகத் தெரியும்.

ஓடும் திரவத்தில் நல்ல மெல்லிய சென்சாருக்கு இது சில விநாடிகள். உறைக்குள் சரியாகப் பொருந்தாமல் காற்று சூழ்ந்து கிடக்கும் சென்சாருக்கு அரை நிமிடம், சில சமயம் அதற்கும் மேல். ஓடுவது திரவமாக இல்லாமல் வாயுவாக இருந்தால் நிமிடக் கணக்கில் போகும்.

அரை நிமிடம் என்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெயை மணிக்கணக்கில் சூடாக்கும் தொட்டியில் பெரிய விஷயமில்லை. பாஸ்சுரைசரில் கதை வேறு. தட்டு வெப்பப் பரிமாற்றியில் பால் இருப்பதே சில விநாடிகள்தான். அங்கே முழு ஆலையிலும் மிக மெதுவான பொருளாகச் சென்சாரே ஆகிவிடலாம்.

26-ஆவது விநாடி

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 5,000 லிட்டர் பால் ஓடும் பாஸ்சுரைசர். பால் 73.5 டிகிரியில் நிலையாக ஓடுகிறது. சூடான பால் ஹோல்டிங் ட்யூப் என்னும் நீண்ட குழாயைக் கடந்து வெளியே வரும் இடத்தில் சென்சார் இருக்கிறது. அது 72-க்குக் கீழே காட்டினால் பக்கத்திலுள்ள டைவர்ஷன் வால்வு திரும்பி, வேகாத பாலைத் தொடக்கத் தொட்டிக்கே அனுப்பிவிடும். ஹோல்டிங் ட்யூபின் தொடக்கத்தில் உள்ள இதே போன்ற இன்னொரு சென்சாரைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் நீராவி வால்வைத் திறந்து மூடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பல ஆலைகளில் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனிச் சென்சார்கள் உண்டு. தாமதம் இரண்டையும் ஒரே மாதிரிதான் பாதிக்கும்.

இப்போது நீராவி அழுத்தம் சரிகிறது. யாரும் எதுவும் செய்யாவிட்டால் பால் மொத்தம் 4 டிகிரி இறங்கும் அளவுக்குச் சரிவு. பரிமாற்றியின் சொந்த நேர மாறிலி 12 விநாடி. சென்சார் தளர்ந்த உறைக்குள் இருக்கிறது. அதன் நேர மாறிலி 30 விநாடி.

ஆறாவது விநாடிக்குள் உண்மையான பால் 72-க்குக் கீழே போய்விடுகிறது. பதினைந்தாவது விநாடியில் பால் ஏறக்குறைய 2.9 டிகிரி இறங்கி 70.6-இல் ஓடுகிறது. அந்த நேரத்தில் சார்ட் இறங்கியிருப்பது 0.7 டிகிரி மட்டுமே, அது 72.8 என்கிறது. சார்ட் 72-ஐத் தொடுவது 26-ஆவது விநாடியில். கன்ட்ரோலர் அதற்கு முன்பே கொஞ்சம் நீராவியைத் திறந்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதுவும் இந்த 0.7 டிகிரியைப் பார்த்துத்தான் திறக்கிறது, 2.9-ஐப் பார்த்து அல்ல. அதன் உதவி இல்லாமல் கணக்கிட்டால் 20 விநாடி, அதாவது கிட்டத்தட்ட 28 லிட்டர் பால், நல்ல பால் என்ற முத்திரையோடு அந்தப் பக்கம் போய்விட்டது.

அதே இடத்தில் 4 விநாடி நேர மாறிலியுள்ள சென்சார் இருந்தால் சார்ட் பத்தாவது விநாடிக்குள் 72-ஐக் கடந்திருக்கும். தாமதம் 20-இலிருந்து 4 விநாடியாகக் குறைகிறது. இந்த 4 நான் வசதிக்காகப் பிடித்த எண் அல்ல. அமெரிக்காவில் பிஎம்ஓ என்று அழைக்கப்படும் பாஸ்சுரைஸ்டு பால் விதித்தொகுப்பு, பாஸ்சுரைசர் குழாயில் உள்ள காட்டும் வெப்பமானி 4 விநாடிக்குள்ளும், பதிவு செய்து வால்வைத் திருப்பும் கருவி 5 விநாடிக்குள்ளும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. டிகிரி சரியாக இருந்தால் போதாது, விநாடியும் சரியாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த அபூர்வமான விதிகளில் இது ஒன்று.

சார்ட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது. இந்தத் தாமதம் ஒளிந்திருக்கும் இடமே அதுதான்.

ஆலையில் புதிதாக ஒரு கன்ட்ரோலரை அமைக்க வருபவர் வழக்கமாகச் செய்வது இது: நீராவி வால்வைக் கொஞ்சம் திறந்துவிட்டு, சார்ட்டில் கோடு எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார். நம் கணக்கில் அந்த ஏற்றத்துக்குள் பரிமாற்றியின் 12 விநாடியும் இருக்கிறது, சென்சாரின் 30 விநாடியும் இருக்கிறது. ஆனால் கோடு ஒன்றுதான். பரிமாற்றி 30, சென்சார் 12 என்று இடம் மாற்றிப் போட்டாலும் அதே கோடு, ஒரு மயிரிழைகூட மாறாமல் வரும். ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரண்டு தாமதங்களில் எது முன், எது பின் என்று கடைசி முனையிலிருந்து பார்த்துச் சொல்ல வழியே இல்லை. ஆகவே வந்தவர் "உங்கள் ஆலை மெதுவானது" என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ப எண்களைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆலை வேகமானது, மெதுவானது அவர் பார்த்த கண்ணாடி.

இதைவிடத் தந்திரமான விஷயம் இன்னொன்று. பாலின் வெப்பநிலை ஒரே திசையில் சரியாமல், நிமிடத்துக்கு ஒருமுறை மேலும் கீழுமாக ஊசலாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 73.5-ஐச் சுற்றி 3 டிகிரி மேலே, 3 டிகிரி கீழே. 30 விநாடி சென்சார் அந்த ஊசலை முப்பது சதவீதமாகச் சுருக்கிவிடும். சார்ட்டில் தெரிவது 72.6-க்கும் 74.4-க்கும் இடையே ஒரு மெல்லிய நெளிவு. கோடு ஒருமுறைகூட 72-ஐத் தொடாது. டைவர்ஷன் வால்வும் அசையாது. உண்மையில் பால் 70.5 வரை இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு நிமிடத்திலும் 20 விநாடி அது 72-க்குக் கீழேதான் ஓடுகிறது.

அதாவது சென்சார் எவ்வளவு மோசமோ, சார்ட் அவ்வளவு அழகு. ஆலையின் வெப்பநிலையில் எந்த மாற்றமும் செய்யாமல் கோட்டை மட்டும் அமைதிப்படுத்த வேண்டுமென்றால் தடிமனான உறையைப் போட்டால் போதும். உறையை மாற்றக்கூட வேண்டியதில்லை. டிரான்ஸ்மிட்டரில் டேம்பிங் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கோடு நடுங்குகிறதே என்று யாரோ ஒருநாள் அதில் 20 விநாடி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதன் பிறகு அந்த 20 விநாடியும் உறையின் தாமதத்தோடு சேர்ந்து சுற்றுக்குள் குடியிருக்கும்.

புதுச் சென்சார் மேல் விழும் பழி

சரி, தாமதத்தைக் குறைத்துவிட்டோம், வேகமான சென்சார் போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே சார்ட்டில் கோடு தறிகெட்டு ஆடத் தொடங்கும். "பழைய சென்சார்தான் சார் நல்லா இருந்துச்சு" என்பார் ஆபரேட்டர். பல இடங்களில் பழையதே திரும்பி வந்துவிடும்.

காரணம் சென்சாரில் இல்லை. பிழையைப் பார்த்ததும் கன்ட்ரோலர் எவ்வளவு பலமாக வால்வைத் திருப்ப வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதை கெயின் என்பார்கள். ஓர் எல்லைக்கு மேல் கெயினைக் கூட்டினால் சுற்று தானாகவே ஊசலாடும். நம் உதாரணத்தில் வால்வுக்கும் குழாய்க்கும் சேர்த்து 5 விநாடி வெற்றுக் காத்திருப்பு என்று கொண்டால், 30 விநாடி சென்சாரோடு அந்த எல்லை ஏறத்தாழ 9. 4 விநாடிச் சென்சாரோடு அது 4-க்கு வந்துவிடுகிறது. மந்தமான சென்சார் எல்லாவற்றையும் அமுக்கிக் காட்டியதால், கன்ட்ரோலரை முரட்டுத்தனமாக வைக்க முடிந்தது. எல்லையில் பாதி, அதாவது 4.5, என்று பாதுகாப்பாக வைத்திருந்த அதே எண், புதுச் சென்சாருக்கு எல்லையைத் தாண்டிய எண்.

ஆகவே சென்சாரை மாற்றினால் கன்ட்ரோலரையும் மீண்டும் அமைக்க வேண்டும். கெயினைப் பாதிக்கும் கீழே கொண்டுவர வேண்டும். அதன் பிறகு கிடைக்கும் பலன் தெளிவானது. பழைய சுற்று எல்லையில் 43 விநாடிக்கு ஒருமுறை ஊசலாடும்; புதியது 27 விநாடிக்கு ஒருமுறை. ஊசலின் காலம் குறுகுவதன் பொருள், சுற்று பிழையைக் கண்டு திருத்தும் வேகம் கூடியிருக்கிறது என்பதே. இப்போது சார்ட்டில் தெரியும் நெளிவுகள் முன்பைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். அவை புதிதாக வந்தவை அல்ல, முன்பு மறைந்திருந்தவை.

ஒரு ஸ்டாப்வாட்ச் போதும்

ஆண்டுக்கொருமுறை கேலிபரேஷன் செய்கிறோமே, அதில் இது பிடிபடாதா? பிடிபடாது. கேலிபரேஷனில் சென்சாரை உறையிலிருந்து உருவி, சூடாக்கும் கருவிக்குள் வைத்து, எண் நிலைக்கு வரும்வரை காத்திருந்து குறிப்பார்கள். குற்றவாளியான உறையும் காற்று இடைவெளியும் குழாயிலேயே தங்கிவிட்டன. காத்திருந்து படித்ததால் நேரமும் கணக்கில் வரவில்லை. 0.1 டிகிரி துல்லியம் என்று சான்றிதழ் வரும்; அது உண்மைதான். எத்தனை விநாடி கழித்து என்று மட்டும் அதில் இருக்காது.

சரியான சோதனை எளிது. உறையோடு சேர்த்துச் சென்சாரைக் கழற்ற முடிந்தால், முதலில் பனிக்கட்டி நீரில் முக்கிக் குளிரவிட வேண்டும். பிறகு நன்றாகக் கலக்கிக்கொண்டே இருக்கும் வெந்நீர்த் தொட்டியில் முக்க வேண்டும். தொட்டியின் வெப்பநிலைக்கு 11 டிகிரி கீழே எண் வரும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, 4 டிகிரி கீழே வரும்போது நிறுத்த வேண்டும். பிஎம்ஓ சொல்லும் முறை இதுதான். 11 டிகிரி இடைவெளி 4 டிகிரியாகக் குறைவது என்றால் 36 சதவீதம் மிச்சம், ஏறக்குறைய 63 சதவீதம் கடந்தாயிற்று. அதாவது ஸ்டாப்வாட்சில் நிற்கும் எண்ணே நேர மாறிலி. தொட்டியைக் கலக்காமல் விட்டால் எண் பெரிதாக வரும். ஓடும் பாலுக்கு அது பொருந்தாது.

உறை குழாயோடு வெல்டு செய்யப்பட்டிருந்தால் வேறு வழி இருக்கிறது. காலையில் வெந்நீரை ஓடவிட்டு ஆலையைச் சூடேற்றும்போது, பக்கத்தில் உறையில்லாத ஒரு மெல்லிய தெர்மோகப்பிளைத் தற்காலிகமாக ஓட்டத்துக்குள் வைத்துப் பார்க்கலாம். நீர் நிமிடத்துக்கு 6 டிகிரி, அதாவது விநாடிக்கு 0.1 டிகிரி ஏறுகிறது என்று வையுங்கள். உறைக்குள் உள்ள சென்சார் எப்போதும் 3 டிகிரி பின்தங்கியே ஏறினால், 3-ஐ 0.1-ஆல் வகுத்தால் 30 விநாடி. ஏற்றம் நின்றதும் இரண்டும் ஒன்றாகிவிட்டால் அது தாமதம். நின்ற பிறகும் வித்தியாசம் இருந்தால் அது கேலிபரேஷன் கோளாறு.

எவ்வளவு மெலிய வைக்கலாம்?

தாமதத்தைக் குறைக்கும் வழிகளில் மலிவானதும் பலன் அதிகமானதும் காற்றை விரட்டுவதுதான். உறைத் துளைக்கு ஏற்ற விட்டமுள்ள சென்சார், நுனியை அடியோடு அழுத்தி வைக்கும் ஸ்பிரிங், தேவைப்பட்டால் இடைவெளியை நிரப்ப வெப்பம் கடத்தும் பசை. இவற்றைச் செய்த பிறகே உறையின் தடிமனைப் பற்றி யோசிக்க வேண்டும். பாலில் இன்னொன்றும் உண்டு: உறையின் மேல் படியும் பால் கல். அது காலையில் இருக்காது, ஓட ஓடச் சேரும். அதனால் மாலை நேரச் சென்சார் காலையைவிட மந்தமாக இருக்கலாம்.

கணினியிலேயே தாமதத்தைக் கழித்துவிடலாமே என்ற யோசனையும் வரும். சென்சார் எண்ணோடு, அது மாறும் வேகத்தை 30 விநாடியால் பெருக்கிக் கூட்டினால் உண்மை வெப்பநிலை கிடைக்க வேண்டும், கணக்கு சரிதான். ஆனால் ஒரு விநாடியில் 0.1 டிகிரி பொய் நடுக்கம் வந்தால் அதுவும் 30 மடங்காகி 3 டிகிரியாகக் குதிக்கும். சிறிய தாமதத்துக்கு இந்த வழி கைகொடுக்கும், பெரியதற்குக் கொடுக்காது.

உறையை மெலிய வைப்பதற்கும் எல்லை உண்டு. ஜப்பானின் சுருகா நகரில் உள்ள மோஞ்சு அணு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று, சோடியம் ஓடும் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தெர்மோவெல் உடைந்தது. தடித்த அடிப்பகுதியிலிருந்து சட்டென்று மெலிந்து போகும் வடிவம் அதற்கு. ஓட்டம் கிளப்பிய சுழல்கள் மெலிந்த நுனியை அதிர வைத்து, மெலிதாகும் இடத்திலேயே அதை முறித்தன. அந்தத் துளை வழியாகச் சுமார் 640 கிலோ சோடியம் கசிந்து தீப்பிடித்தது. உலை மீண்டும் இயங்கியது 2010-இல்தான். ஓட்டத்தின் அதிர்வை உறை தாங்குமா என்று கணக்கிட, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பிடிசி 19.3 டிடபிள்யூ என்ற தரநிலை இருக்கிறது. வேகத்துக்காக உறையை மெலிய வைப்பவர் முதலில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பால் பண்ணையோ சாயப் பட்டறையோ மருந்து ஆலையோ, வெப்பநிலைச் சுற்று ஒன்றைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த ஆண்டு கேலிபரேஷன் பதிவேட்டில் ஒரு பத்தியைக் கூட்டிக்கொள்ளலாம். டிகிரிக்குப் பக்கத்தில் விநாடி. உறையோடு சேர்த்து அளந்த நேர மாறிலி, டிரான்ஸ்மிட்டரில் வைத்துள்ள டேம்பிங், இரண்டையும் அதில் எழுதுங்கள். அடுத்த முறை சென்சார் மாற்றுபவருக்கு, கன்ட்ரோலரைத் தொட வேண்டுமா என்று தெரிந்துகொள்ள அந்த இரண்டு எண்களும் போதும்.